எக்ஸ்சேஞ்ச் கணக்கு முடங்கியபின் பணம் வந்த வழியைக் காட்டுவது எப்படி

கேள்வி: ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் 5,000 சொச்சம் USDT போட்டேன். மறுநாளே கூடுதல் சரிபார்ப்பு என்று சொல்லி கணக்கை முடக்கிவிட்டார்கள். ஐடி, செல்ஃபி எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாச்சு. இப்போது Source of funds கேட்கிறார்கள். சம்பளச் சீட்டு அனுப்பினேன், போதாது என்று பதில் வந்தது. என்னதான் கொடுக்க வேண்டும்? எத்தனை நாள் ஆகும்?

உங்களுக்கு வருமானம் உண்டு என்பதைச் சம்பளச் சீட்டு சொல்லும். அந்த வருமானம்தான் டாலருக்கு இணையாக நிற்கும் இந்த USDT நாணயமாக மாறியது என்று அது சொல்லாது. அதனால்தான் போதவில்லை. இந்த மாதிரிப் படிவங்களில் இரண்டு கேள்விகள் வரும், பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வார்கள். Source of wealth என்றால் உங்கள் மொத்தச் சொத்து எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி: வேலை, தொழில், வீடு விற்றது, பரம்பரைச் சொத்து. அதற்குச் சம்பளச் சீட்டு பொருந்தும். Source of funds என்றால் குறிப்பிட்ட இந்தத் தொகை எங்கிருந்து கிளம்பி, எந்தெந்தக் கணக்கு வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்ற கேள்வி. அதற்கு ஒரே காகிதம் பதிலாகாது. ஒன்றோடொன்று கோத்த நான்கைந்து காகிதங்கள் வேண்டும்.

மறுமுனையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எதை அனுப்புவது என்பது தானாகவே விளங்கும். உங்கள் டெபாசிட்டை ஒரு மென்பொருள் நிறுத்தி வைத்திருக்கிறது. தொகை உங்கள் வழக்கத்தைவிடப் பெரியது, அனுப்பிய முகவரிக்குச் சந்தேகமான வேறு முகவரியோடு ஏதோ தொடர்பு இருக்கிறது, புதுக் கணக்கில் திடீரென்று பணம் வந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த எச்சரிக்கை ஒரு ஆய்வாளரின் வரிசையில் போய் விழும். அவர் அதை மூட வேண்டுமானால், ஏன் மூடுகிறேன் என்று கோப்பில் நாலு வரி எழுதியாக வேண்டும். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், 2019-இல் தன் விதிகளை கிரிப்டோ நிறுவனங்களுக்கும் தெளிவாக விரித்தது. அந்த விதிகளின்படி இத்தகைய ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும், பின்னால் தணிக்கையாளர் யாராவது எடுத்துப் பார்ப்பார். ஆக நீங்கள் அனுப்புவது அந்த ஆய்வாளர் எழுதப்போகும் நாலு வரிக்கான சரக்கு. அதை வைத்து அவரால் எழுத முடியவில்லை என்றால், உங்கள்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லாவிட்டாலும் கோப்பு திறந்தேதான் கிடக்கும்.

ஆவணங்களுக்குப் போகுமுன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, கேட்பது உண்மையான எக்ஸ்சேஞ்ச்தானா? கணக்கைத் திறக்க வரி கட்டு, பாதுகாப்பு வைப்பு கட்டு, இருப்பில் 10 சதவீதத்தைப் புதிதாகப் போட்டால்தான் விடுவிப்போம் என்று கேட்டால் அது மோசடித் தளம். அங்கே எந்த ஆவணமும் உதவாது, இனி ஒரு காசும் அனுப்பாதீர்கள், பாஸ்போர்ட் நகலையும் கொடுக்காதீர்கள். உண்மையான ஆய்வு ஆவணம் கேட்கும், விளக்கம் கேட்கும், சில சமயம் வீடியோ அழைப்பு கேட்கும். வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை ஒருக்காலும் கேட்காது. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், நீங்களே தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போய், அதே கோரிக்கை அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, எது முடங்கியிருக்கிறது? கடவுச்சொல்லையோ இரண்டடுக்குப் பாதுகாப்பையோ மாற்றினால் பல தளங்களில் 24 மணி நேரமோ 48 மணி நேரமோ வித்டிராயல் தானாகவே நிற்கும். அது ஆய்வு அல்ல, காத்திருந்தால் திறந்துவிடும். உங்களுடையது அதுவல்ல, Source of funds கேட்டுவிட்டார்களே. ஆனால் வித்டிராயல் மட்டும் நின்றிருக்கிறதா, வாங்கல் விற்றலும் நின்றிருக்கிறதா என்பது முக்கியம். மார்ஜின் அல்லது ஃபியூச்சர்ஸில் திறந்த நிலை ஏதாவது இருந்தால், கணக்கு முடங்கியிருக்கிறது என்பதற்காக லிக்விடேஷன், அதாவது நஷ்டம் மிஞ்சும்போது தளமே அந்த நிலையை மூடிவிடுவது, நிற்காது. இருக்கும் நிலையை மூட மட்டுமாவது அனுமதி உண்டா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். உள்ளே நுழைய இன்னும் முடிகிறது என்றால் டெபாசிட், டிரேடு, வித்டிராயல் வரலாறு மூன்றையும் இன்றே CSV என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை உள்நுழைவும் அடைபடலாம்.

இனி கோப்பது எப்படி என்று ஒரு எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒருவர் சம்பளச் சேமிப்பிலிருந்து மாதம் 800 டாலர் வீதம் மூன்று மாதம் முதல் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினார், மொத்தம் 2,400. விலை 2,000 டாலர் இருந்தபோது 1.2 ஈதர் வாங்கினார். 0.1 சதவீதக் கட்டணம் போகக் கையில் 1.1988 ஈதர். பிறகு 3,000 டாலருக்கு விற்றார், மீண்டும் 0.1 சதவீதம் போக 3,592.80 USDT வந்தது. அதை டிரான் வலையமைப்பில் தன் சொந்த வாலட்டுக்கு எடுத்தார். எடுக்க 1 USDT கட்டணம், வாலட்டில் விழுந்தது 3,591.80. அதே வாலட்டில் பி2பி முறையில் வேறொருவரிடம் வாங்கிய 1,450 USDT யும் வந்து சேர்ந்தது. மொத்தம் 5,041.80. அதிலிருந்து 5,040 ஐ இரண்டாவது எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினார், கணக்கு முடங்கியது.

இவர் அனுப்ப வேண்டியவற்றைப் பணம் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். 800 வீதம் மூன்று முறை வெளியேறியது தெரியும் வங்கி அறிக்கை, அதிலேயே அதற்கு முந்தைய சம்பள வரவும் தெரிய வேண்டும். முதல் எக்ஸ்சேஞ்சின் டெபாசிட் வரலாற்றில் அதே மூன்று 800. அங்கே ஈதர் வாங்கியதும் விற்றதும் உள்ள டிரேடு CSV. 2,400 எப்படி 3,592.80 ஆனது என்ற கேள்விக்கு அதுதான் பதில், அதை விட்டுவிட்டால் 1,192.80 டாலர் வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கும். அடுத்து அங்கிருந்து எடுத்ததற்கான பதிவு, அந்தப் பரிவர்த்தனையின் அடையாளக் குறியான TXID யோடு. பி2பி வாங்கலுக்கான சான்று. கடைசியாக வாலட்டிலிருந்து இரண்டாவது எக்ஸ்சேஞ்சுக்கு 5,040 போன TXID. முதல் எக்ஸ்சேஞ்சின் ஆவணங்களில் உங்கள் பெயர் தெரியும் பக்கமும் சேர வேண்டும். பெயரில்லாத CSV யாருடையதாகவும் இருக்கலாம்.

இவற்றோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வையுங்கள். பலர் பத்துக் கோப்புகளை அப்படியே ஏற்றிவிட்டு விட்டுவிடுவார்கள், ஆய்வாளர் உட்கார்ந்து புதிர் அவிழ்க்க வேண்டியிருக்கும். கடிதம் இந்த மாதிரி இருந்தால் போதும்: “இந்த 5,040 USDT இரண்டு இடங்களிலிருந்து வந்தது. 3,591.80 என் முதல் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து என் வாலட்டுக்கு வந்தது, சான்று கோப்பு 2, 3, 4. அந்தக் கணக்கில் நான் போட்ட 2,400 டாலர் என் சம்பளம், சான்று கோப்பு 1. மீதி 1,450 பி2பி வாங்கல், சான்று கோப்பு 5. வாலட் என்னுடையது. வாலட்டில் மிச்சம் 1.80 USDT இன்னும் இருக்கிறது.” இவ்வளவுதான். நான் நேர்மையான குடும்பத்தில் பிறந்தவன், அவசரச் செலவு இருக்கிறது என்பதெல்லாம் வேண்டாம். அந்த 1.80 என்ற வரி அற்பமாகத் தெரியலாம், ஆனால் கூட்டிப் பார்ப்பவருக்கு அது இடறக் கூடாது.

கவனித்தீர்களா, எடுத்துக்காட்டில் சிக்கல் பெரிய தொகையில் இல்லை, 1,450 இல் இருக்கிறது. அநேகமாக உங்கள் விஷயத்திலும் அப்படி ஒரு சின்னத் துண்டு இருக்கும், அதைத்தான் முதலில் தேடுங்கள். டிரானிலோ எத்தீரியத்திலோ USDT ஒரு முகவரியில் வெறும் இருப்பு எண்ணாகத்தான் நிற்கும். குடத்துத் தண்ணீர் மாதிரி, கலந்தபின் எது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரிக்க முடியாது. அதனால் 1,450 மேல் சந்தேகம் என்றாலும் 5,040 முழுதும் நிற்கும். பிட்காயினில் வந்த ஒவ்வொரு தொகையும் தனித்தனித் துண்டாகவே கிடக்கும், ஒரே பரிவர்த்தனையில் சேர்த்து அனுப்பினால்தான் கலக்கும்.

பி2பி துண்டுக்கு என்ன சான்று வேண்டும்? தளத்துக்குள்ளேயே வாங்கியிருந்தால் ஆர்டர் எண், ஆர்டர் பக்கத்தில் தெரியும் விற்பவர் பெயர், அதிலேயே இருக்கும் உரையாடல், நீங்கள் பணம் அனுப்பிய வங்கி ரசீது. இதில் அடிக்கடி உதைப்பது ஒன்று: ஆர்டரில் ஒரு பெயர், பணம் போன வங்கிக் கணக்கில் வேறு பெயர். விற்றவர் “என் தம்பி கணக்கில் போடுங்கள்” என்று சொல்லியிருப்பார், நீங்களும் போட்டிருப்பீர்கள். அப்படி நடந்திருந்தால் மறைக்காதீர்கள், அந்த உரையாடலையும் சேர்த்தே அனுப்புங்கள். மெசேஜ் ஆப்பில் அறிமுகமான ஒருவரிடம் வெளியே வாங்கியிருந்தால் உரையாடலும் வங்கி ரசீதும் TXID யும்தான் உங்கள் கையில் இருக்கும், அவை பலவீனமான சான்றுதான். ஆனாலும் அன்றைய சந்தை விலைக்குப் பணம் கொடுத்து வாங்கினீர்கள் என்பதை அவை காட்டும், அதற்கு மதிப்பு உண்டு. நண்பர் திருப்பித் தந்த கடன் என்றால் நண்பரின் எழுத்தும், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்ற அவருடைய வித்டிராயல் பதிவும் வேண்டும்.

இல்லாத ஆவணத்தை இப்போது உருவாக்காதீர்கள். பழைய தேதி போட்ட கடன் ஒப்பந்தம், திருத்திய வங்கி அறிக்கை போன்றவை எளிதில் மாட்டும். PDF கோப்புக்குள்ளேயே அது உருவான நாளும் உருவாக்கிய மென்பொருளின் பெயரும் பதிவாகியிருக்கும், வரிகளின் எழுத்துரு மாறினாலும் காட்டிக்கொடுக்கும். சான்று போதாத கணக்கை, பணத்தைத் திருப்பிக் கொடுத்து மூடுவது உண்டு. போலி ஆவணம் கொடுத்த கணக்கு வேறு விவகாரமாகிவிடும்.

ஆவணம் நன்றாயிருந்தும் கோப்பின் தரத்தால் திரும்பி வருவது நிறைய. வங்கி அறிக்கையை வங்கித் தளத்திலிருந்து இறக்கிய PDF ஆகவே கொடுங்கள். திரையைப் படம் பிடித்ததையும், சில வரிகளைக் கறுப்படித்ததையும் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். PDF க்குக் கடவுச்சொல் இருந்தால் அதைக் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள். கடவுச்சொல்லை நீக்குவதற்காக வேறு செயலியில் திறந்து மறுபடி சேமித்தால், வங்கி உருவாக்கிய கோப்பு என்ற அடையாளம் போய்விடும், திருத்தியதோ என்ற கேள்வி எழும். முகவரிச் சான்று பொதுவாகக் கடந்த மூன்று மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும், நீங்கள் கணக்கில் பதிந்த முகவரியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயரில் ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் கடிதத்தில் ஒரு வரி எழுதி இரண்டும் நானே என்று சொல்லிவிடுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் CSV பெரும்பாலும் UTC என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், வங்கி அறிக்கை உள்ளூர் நேரத்தில் இருக்கும். ராத்திரி அனுப்பிய பணம் ஒன்றில் 14 ஆம் தேதி, மற்றதில் 15 ஆம் தேதி என்று நிற்கும். ஆய்வாளருக்கு இது பழக்கம்தான், ஆனாலும் கடிதத்தில் “CSV இல் உள்ளவை UTC” என்று எழுதினால் ஒரு கேள்வி மிச்சம். TXID ஐக் கையால் தட்டாதீர்கள். அது 64 எழுத்து, எத்தீரியத்தில் முன்னால் 0x சேரும். நகலெடுத்து ஒட்டி, டிரான்ஸ்கேன் அல்லது ஈதர்ஸ்கேனில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். உங்கள் முகவரியின் வரலாற்றில் தெரியாத யாரோ சில்லறைத் தொகை அனுப்பியிருப்பது தெரிந்தால் பயப்படாதீர்கள், ஏமாற்றுக்காரர்கள் உங்களுக்குத் தெரிந்த முகவரி போலவே முதலும் கடைசியும் அமைந்த முகவரியிலிருந்து அப்படித் தூவுவார்கள். அவற்றை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரலாற்றிலிருந்து முகவரியை நகலெடுத்துவிடாதீர்கள்.

வாலட் உங்களுடையது என்று காட்டச் சொன்னால் இரண்டு வழி. அவர்கள் கொடுக்கும் வாசகத்தை வாலட்டில் கையொப்பமிட்டுக் காட்டுவது ஒன்று. அவர்கள் சொல்லும் துல்லியமான சிறு தொகையை அந்த வாலட்டிலிருந்து அனுப்புவது இன்னொன்று. இரண்டாவது வழியை, கோரிக்கை தளத்துக்குள்ளேயே வந்திருந்தால் மட்டும் செய்யுங்கள். தொகையும் ஒன்றிரண்டு டாலர் அளவில்தான் இருக்க வேண்டும், நூற்றுக்கணக்கில் கேட்டால் மேலே சொன்ன மோசடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்பதற்கு எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. கோத்த ஆவணங்களோடு போனால் சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஒவ்வொரு தடவை “போதாது” என்று திரும்பும்போதும் கோப்பு மறுபடி வரிசையில் நிற்கும். தாமதத்தின் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது, அதனால் துண்டு துண்டாக அனுப்பாமல் மூன்று நாள் தாமதித்தாலும் முழுதாக ஒரே தடவையில் அனுப்புவது வேகம். பின்னர் புது டிக்கெட் திறக்காமல் அதே டிக்கெட்டில் ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கேளுங்கள். தினமும் ஒரு டிக்கெட் என்று திறந்தால் வெவ்வேறு பேர் வெவ்வேறு கோப்பைப் பார்ப்பார்கள், யாரிடமும் முழுப்படம் இருக்காது. கேட்கும்போது “எப்போது திறப்பீர்கள்” என்பதைவிட “என் தரப்பில் இன்னும் ஏதாவது ஆவணம் நிலுவையில் இருக்கிறதா” என்று கேளுங்கள், அதற்குத்தான் அவர்களால் பதில் சொல்ல முடியும்.

சப்போர்ட் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் அலட்சியம் என்று மட்டும் எண்ண வேண்டாம். சந்தேக அறிக்கை அரசு அமைப்புக்குப் போயிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்வது விதிப்படி தடை. சொல்லக் கூடாததால் பொத்தாம்பொதுவாகப் பேசுவார்கள். காவல்துறை அல்லது நீதிமன்றக் கோரிக்கையால் முடங்கியது என்றால் நாள் கணக்கு மாதக் கணக்காகும், எக்ஸ்சேஞ்சால் தானாக விடுவிக்க முடியாது. அப்போது உத்தரவிட்ட அமைப்பின் பெயரும் குறிப்பு எண்ணும் தரமுடியுமா என்று எழுத்தில் கேளுங்கள், கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். அப்படி எதுவும் இல்லை, ஆவணம் எல்லாம் கொடுத்தாயிற்று, மாதம் தாண்டியும் அசைவில்லை என்றால் சப்போர்ட் சாட் பெட்டியை விட்டு முறைப்படியான புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். நிறுவனத்தின் உரிம எண்ணை எடுத்து, அந்த உரிமம் தந்த கட்டுப்பாட்டு அமைப்பின் பட்டியலில் அது இருக்கிறதா என்று சரிபாருங்கள், புகார் மேலே போக வேண்டிய இடம் அதுதான்.

பணம் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். விவரம் போதவில்லை என்று முடிவானால் பெரும்பாலும் கணக்கை மூடி, வந்த முகவரிக்கோ உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கோ திருப்புவார்கள். திருட்டுப் பணத்தின் தடம் 1,450 போன்ற துண்டில் தெரிந்தால் அது வேறு பாதை. இதற்கிடையில் இன்னொரு பெயரில் கணக்கு திறப்பது, விபிஎன் போட்டு வேறு நாட்டிலிருந்து நுழைவது, முடங்கிய கணக்கிலேயே மேலும் பணம் போடுவது இம்மூன்றும் ஆய்வை நீட்டும், போட்ட பணமும் சேர்ந்து மாட்டும்.

கணக்கு திறந்தபின் அதே வாலட் முகவரியிலிருந்து மறுபடி அனுப்பினால் அந்த 1,450 இன் நிழல் கூடவே வரும். சான்றுள்ள பணத்துக்குப் புது முகவரி ஒன்றை வைத்துக்கொண்டு, பி2பி வாங்கலை அதில் கலக்காமல் தனியாக வைத்திருங்கள்.